துபாய் வேலைக்குப் போகிறவர் பாஸ்போர்ட் நகலை யாரிடம், எப்படி, எவ்வளவு கொடுக்கலாம்?

ஊரிலிருந்து துபாய்க்கு வேலைக்குக் கிளம்பும் ஒருவர், வந்து குடியேறி முடிப்பதற்குள் தன் பாஸ்போர்ட் நகலைக் குறைந்தது மூன்று வகை ஆட்களிடம் கொடுத்துவிடுகிறார்: வேலை பிடித்துத் தருகிற ஏஜெண்ட், வேலை தருகிற கம்பெனி, தங்க இடம் தருகிற வீட்டுக்காரர். மூவரும் கேட்பது ஒரே வார்த்தைதான், "பாஸ்போர்ட் காப்பி வாட்ஸ்அப் பண்ணுங்க". ஆனால் மூவருக்கும் தேவைப்படுவது ஒன்றல்ல. என் அக்கா மகனை நான் இருக்கும் துபாய்க்குக் கூட்டிவந்தபோது இந்தக் காகித வேலை முழுக்க என் தலையில் விழுந்தது. அவனுடைய நகல் ஊரில் ஏற்கெனவே பல கைகளுக்குப் போயிருந்ததால் பட்ட பாடு கொஞ்சமில்லை. அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். இந்தியப் பாஸ்போர்ட், ஐக்கிய அரபு அமீரக வேலை விசா, இந்த இரண்டையும் மனத்தில் வைத்துப் படியுங்கள்.

1. நகலில் என்னென்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

பாஸ்போர்ட்டைத் திறந்து கையில் வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்தில் புகைப்படம், பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், பாஸ்போர்ட் எண், முடியும் தேதி எல்லாம் இருக்கும். படத்துக்குக் கீழே உங்கள் கையெழுத்தும் அச்சாகியிருக்கும். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. நகல் வாங்கியவருக்கு உங்கள் கையெழுத்தின் மாதிரியும் இலவசமாகக் கிடைத்துவிடுகிறது.

கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர், அம்மா பெயர், கணவன் அல்லது மனைவி பெயர், ஊர் முகவரி, பழைய பாஸ்போர்ட் இருந்தால் அதன் எண். வங்கிக்குப் போன் செய்தால் "அம்மா பெயர் என்ன?" என்றுதானே முதலில் கேட்கிறார்கள்? அந்தப் பதில் இந்தப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் முன்பக்கமும் கடைசிப் பக்கமும் ஒரே பி.டி.எஃப். ஆகச் சேர்ந்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இரண்டையும் தனித்தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். கேட்டவருக்குக் கேட்ட பக்கம் மட்டும்.

அடுத்தது முன்பக்கத்தின் அடியில் வரும் இரண்டு வரிகள். இயந்திரம் படிப்பதற்காக அச்சிட்டது, ஒரு வரிக்கு 44 எழுத்து. நான் கற்பனையாகப் போட்ட ஒரு பெயருக்கு அது இப்படி வரும்:

```
P<INDMURUGAN<<SELVAM<<<<<<<<<<<<<<<<<<<<<<<<
Z1234567<1IND9405125M3108192<<<<<<<<<<<<<<<8
```

இரண்டாவது வரியைப் பாருங்கள். முதலில் பாஸ்போர்ட் எண் Z1234567. IND-க்குப் பிறகு 940512 என்பது 1994 மே 12, பிறந்த தேதி. M-க்குப் பிறகு 310819 என்பது 2031 ஆகஸ்ட் 19, முடியும் தேதி. பலர் செய்வது என்னவென்றால், மேலே இருக்கும் பாஸ்போர்ட் எண்ணைக் கறுப்படித்துவிட்டு இந்த வரிகளை அப்படியே விட்டுவிடுகிறார்கள். மறைத்ததற்கு அர்த்தமே இல்லை, எல்லாம் கீழே இருக்கிறது.

இந்த வரியில் எண்ணின் ஒரு இலக்கத்தை மட்டும் மறைப்பதும் வீண். எண்ணைத் தாண்டி < குறிக்கு அடுத்து நிற்கும் 1 ஒரு சோதனை இலக்கம். முன்னால் உள்ள எழுத்துகளை 7, 3, 1 என்று மாறிமாறிப் பெருக்கிக் கூட்டி, வரும் தொகையின் கடைசி இலக்கத்தை அங்கே போடுகிறார்கள். நம் உதாரணத்தில் Z-க்கு மதிப்பு 35, கூட்டுத்தொகை 351, கடைசி இலக்கம் 1. ஒரு இலக்கம் மறைந்திருந்தால் இதையே திருப்பிக் கணக்குப் போட்டு, பேப்பரும் பேனாவும் இருந்தால் போதும், கண்டுபிடித்துவிடலாம். மறைப்பதென்றால் இரண்டு வரிகளையும் முழுசாக மறையுங்கள்.

2. மூன்று விதமான நகல் தயார் செய்யுங்கள்

கிளம்புவதற்கு முன்பே ஒரு மணி நேரம் உட்கார்ந்து இதை முடித்துவிடுங்கள். யாராவது அவசரமாகக் கேட்கும்போது செய்ய ஆரம்பித்தால், அவசரத்தில் சுத்தமான நகல்தான் போய்ச் சேரும்.

முதலாவது, மறைத்த நகல். முன்பக்கத்தில் பெயர், படம், தேசியம், முடியும் தேதி மட்டும் தெரிய வேண்டும். பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, கையெழுத்து, அடியிலுள்ள இரண்டு வரிகள் எல்லாம் கறுப்பு. உங்களிடம் செல்லுபடியான பாஸ்போர்ட் இருக்கிறது என்று காட்ட இது போதும்.

இரண்டாவது, முத்திரை எழுதிய நகல். விவரம் எல்லாம் தெரியும், ஆனால் யாருக்கு, எதற்கு, என்றைக்குக் கொடுத்தது என்பது குறுக்கே சாய்வாக எழுதியிருக்கும். வாங்குகிறவர் படிக்க வேண்டுமே, அதனால் ஆங்கிலத்தில் எழுதுங்கள். துபாய் அரசின் வாடகை ஒப்பந்தப் பதிவான எஜாரிக்கு என்றால் இப்படி:

```
ONLY FOR EJARI - FLAT 304 - 12 MAR 2026 - NOT FOR SIM / BANK / VISA
```

சாம்பல் நிற எழுத்து, பின்னால் உள்ள விவரம் மங்கலாமல் தெரிய வேண்டும். ஒரு மூலையில் சின்னதாக எழுதிப் பயனில்லை, அதை வெட்டி எடுத்துவிடுவார்கள். முகத்தின் ஓரத்தைத் தொட்டு ஒரு வரி, விவரங்களுக்கு மேலே ஒரு வரி, அடியிலுள்ள இரண்டு வரிகளுக்குக் குறுக்கே ஒரு வரி என்று போடுங்கள். தேதியும் ஆள் பெயரும் இல்லாமல் வெறுமனே "COPY" என்று எழுதுவது எதற்கும் உதவாது. நாளைக்கு அந்த நகல் வேறு இடத்தில் தலைகாட்டினால், யார் கையிலிருந்து போனது என்று அந்த எழுத்துதான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, சுத்தமான கலர் ஸ்கேன். இதில் எதுவும் எழுதக் கூடாது. விசா விண்ணப்பத்துக்கு இதைத்தான் ஏற்றுவார்கள். குறுக்கே எழுதியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஒரு வாரம் போய்விடும். அதனால் "எல்லோருக்கும் முத்திரை போட்டே கொடு" என்கிற அறிவுரை இங்கே செல்லாது. சுத்தமான நகல் ஒரே ஒருவருக்குத்தான் போக வேண்டும், அது உங்களுக்கு விசா எடுக்கும் கம்பெனி. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பேன் என்றால் இதை வையுங்கள்.

இவற்றை எல்லாம் போனிலேயே செய்யலாம், பைசா செலவில்லை. பகல் வெளிச்சத்தில் ஸ்கேன் செய்து, கேலரியின் எடிட் வசதியில் கறுப்புப் பெட்டியும் எழுத்தும் போட்டு, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்த ஸ்கிரீன்ஷாட்டைத்தான் அனுப்ப வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எதற்கு என்றால், சில போன்களில் எடிட் செய்த படத்தோடு மூலப்படமும் சேர்ந்து போகும், "பழையபடி ஆக்கு" என்று அழுத்தினால் கறுப்பு எல்லாம் விலகிவிடும். ஸ்கிரீன்ஷாட்டில் அந்த வாய்ப்பு இல்லை. படம் எடுத்த இடத்தின் விவரமும் அதில் ஒட்டியிருக்காது.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். போனில் பேனா போன்ற கருவியால் தேய்த்து மறைத்தால், சில சமயம் மை பாதி ஊடுருவித் தெரியும். வெளிச்சத்தை முழுசாகக் கூட்டிப் பாருங்கள், அடியில் எழுத்து தெரிந்தால் கட்டம் போட்டு மறையுங்கள். அப்புறம், வேர்டிலோ பி.டி.எஃப். செயலியிலோ கறுப்புக் கட்டம் வைத்தால், அது படத்தின் மேல் தனியாக உட்கார்ந்திருக்கும், கணினியில் திறப்பவர் அதைப் பிடித்து இழுத்து ஓரமாக வைத்துவிடலாம். "இலவசமாக வாட்டர்மார்க் போட்டுத் தருகிறோம்" என்கிற இணையதளங்கள் பக்கமே போகாதீர்கள். திருடக் கூடாது என்று நினைத்த சுத்தமான நகலை நாமே கொண்டுபோய்க் கொடுப்பதாகிவிடும்.

ஜெராக்ஸ் கடை தனிக் கதை. பிரிண்ட் எடுக்க வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வார்கள். அந்தக் கணினித் திரையை ஒரு தடவை எட்டிப் பாருங்கள், டெஸ்க்டாப் முழுக்க யார் யாருடைய பாஸ்போர்ட்டோ, ஆதாரோ கிடக்கும். இங்கே துபாயில் அரசு விண்ணப்பங்களைத் தட்டித் தரும் டைப்பிங் சென்டர்களிலும் அதே காட்சிதான். வேறு வழியில்லை என்றால் பென் டிரைவில் கொண்டுபோய், அதிலிருந்து நேராக பிரிண்ட் கொடுக்கச் சொல்லுங்கள். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் பக்கத்தில் நின்று டவுன்லோட்ஸிலும் ரீசைக்கிள் பின்னிலும் அழிக்கச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

3. ஏஜெண்டிடம்: பேச்சு முடியும் வரை மறைத்த நகல் மட்டும்

அதிக சேதாரம் நடப்பது இங்கேதான். "இன்டர்வியூவுக்கு லிஸ்ட் அனுப்பணும், இன்னைக்கே காப்பி வேணும்" என்பார்கள். ஆள் பட்டியல் அனுப்ப உங்கள் பெயர், வயது, தொழில், அனுபவம், பாஸ்போர்ட் எத்தனை நாள் செல்லும் என்பது போதும். மறைத்த நகலில் இது எல்லாம் இருக்கிறது அல்லது வாயால் சொல்லிவிடலாம்.

நகல் கொடுப்பதற்கு முன் நீங்கள் அவரிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: வெளிநாட்டு ஆளெடுப்பு உரிம எண். emigrate.gov.in தளத்தில் பதிவுபெற்ற முகவர்களின் பட்டியல் இருக்கிறது, பெயரையும் முகவரியையும் அதில் ஒப்பிட்டுப் பாருங்கள். "நாங்க அவங்களோட சப் ஏஜெண்ட்" என்று சொன்னால் உரிமம் அவரிடம் இல்லை என்று அர்த்தம். உரிமம் உள்ள அலுவலகத்துக்கே போன் போட்டுக் கேளுங்கள், ஆவணம் ஏதாவது கொடுத்தால் அங்கேயே நேரில் கொடுங்கள். முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு ரூ.30,000, அதோடு 18 சதவீத ஜி.எஸ்.டி., ஆக மொத்தம் ரூ.35,400 என்று இந்திய அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. அதற்கு மேல் கேட்கிறவர் காகித விஷயத்திலும் ஒழுங்காக இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. தமிழக அரசுக்கே சென்னையில் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் இருக்கிறது, அங்கேயும் பதிந்து வைக்கலாம்.

சுத்தமான நகல் ஏஜெண்டிடம் போனால் என்ன ஆகும்? அக்கா மகன் விஷயத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எலெக்ட்ரீஷியன். ஊரில் இருந்தபோது மூன்று பேரிடம் இரண்டு பக்கமும் வாட்ஸ்அப்பில் போயிருந்தது. வேலை வேறு வழியில், ஒரு நல்ல கம்பெனியில் அமைந்தது. கம்பெனியில் விசா, அரசு அலுவலக வேலைகளைப் பார்க்கும் பி.ஆர்.ஓ. நுழைவு அனுமதிக்கு விண்ணப்பம் போட்டால் ஏறவில்லை, இந்த ஆள் பெயரில் ஏற்கெனவே ஒரு விசா நிலுவையில் இருக்கிறது என்று வந்தது. அந்த மூவரில் ஒருவர், எங்களைக் கேட்காமலேயே ஒரு டிராவல்ஸ் மூலம் விசிட் விசா எடுத்து வைத்திருந்தார். ஆள் கையைவிட்டுப் போகக் கூடாது என்பதற்காகச் செய்வது இது. அதை ரத்து செய்யாமல் புதியது வராது. ரத்து செய்ய வேண்டியவர்களோ அதை எடுத்தவர்கள். விசா செலவு, ரத்துச் செலவு என்று ஒரு தொகை கேட்டார்கள். பேசிப் பேசிக் குறைத்து, கொடுத்து முடித்தோம். அதற்குள் வேலையில் சேரும் தேதி தள்ளிப்போய்விட்டது, கம்பெனி பொறுத்துக்கொண்டதால் வேலை தப்பியது.

உங்கள் பெயரில் இப்படி ஏதாவது கிடக்கிறதா என்று ஊரிலிருந்தே பார்க்கலாம். அமீரகத்தின் அடையாள, குடியுரிமை ஆணையத் தளமான smartservices.icp.gov.ae-இல் பொதுச் சேவைகளில் File Validity என்று ஒன்று உண்டு. அதில் Passport Information, பிறகு Visa என்பதைத் தேர்ந்தெடுத்து, பாஸ்போர்ட் எண், முடியும் தேதி, தேசியம் மூன்றையும் போட்டால் விசா இருந்தால் காட்டும். கட்டணம் இல்லை. துபாயில் எடுத்த விசாவுக்குத் தனி அலுவலகம் இருப்பதால் இங்கே ஒன்றும் வரவில்லை என்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். அமீரகத்துக்குள் யாராவது இருந்தால் துபாய் குடியேற்றத் துறையின் ஆமெர் எண் 800 5111-இல் கேட்கச் சொல்லுங்கள். கம்பெனி விண்ணப்பம் போடுவதற்கு முன்பே இதைப் பார்த்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

கவனித்தீர்களா, உங்கள் விசா நிலவரத்தைப் பார்க்கத் தேவையான மூன்று விவரமும் நகலின் முன்பக்கத்திலேயே இருக்கின்றன. நகல் வைத்திருக்கிற எவரும் பார்க்கலாம். ஏஜெண்டுக்குக் கொடுக்கும் நகலில் எண்ணை மறைக்கச் சொல்வது இதனால்தான்.

4. கம்பெனியிடம்: சுத்தமான நகல் உண்டு, ஆனால் வரிசை உண்டு

கம்பெனிக்கு முன்பக்கம், கடைசிப் பக்கம் இரண்டும் சுத்தமாக வேண்டும், வெள்ளைப் பின்னணியில் எடுத்த புகைப்படமும் வேண்டும். அப்பா, அம்மா பெயர் விசா விண்ணப்பத்தில் கேட்கப்படும், அதனால் கடைசிப் பக்கம் கேட்பது நியாயம். பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும்.

எப்போது கொடுப்பது என்பதுதான் கேள்வி. வேலை உறுதியானதற்கு அத்தாட்சி கையில் வந்த பிறகு. கம்பெனி லெட்டர்பேடில் வரும் கடிதத்தை யார் வேண்டுமானாலும் அடித்துவிடலாம். MOHRE என்று சுருக்கமாகச் சொல்லும் அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் முறைப்படியான ஆஃபர் லெட்டர் வேறு. அது அரபியும் ஆங்கிலமும் சேர்ந்து வரும், மூன்றாவது மொழியாகத் தமிழிலும் கேட்டு வாங்கலாம். அதன் மேல் MB என்று தொடங்கி AE என்று முடியும் பரிவர்த்தனை எண் இருக்கும். அந்த எண்ணை inquiry.mohre.gov.ae தளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம்.

இதில் ஒரு சிக்கல். அந்த ஆஃபரை உருவாக்கவே பாஸ்போர்ட் விவரம் வேண்டும். கோழியா முட்டையா கதைதான். நான் செய்த வழி: கம்பெனியின் சொந்த மின்னஞ்சல் முகவரிக்கு, முத்திரை எழுதிய முன்பக்க நகலை மட்டும் முதலில் அனுப்பினேன், "MOHRE OFFER ONLY" என்று கம்பெனி பெயரோடு எழுதி. விவரங்களை அதைப் பார்த்தே தட்டிக்கொண்டார்கள். கணினியில் ஏற்றுவதற்குச் சுத்தமானது வேண்டும் என்று எச்.ஆர். அடித்துச் சொன்னால், கம்பெனியின் உரிம எண்ணையும் அலுவலகத் தொலைபேசியையும் வாங்கி, அந்த எண்ணை நீங்களே தேடிக் கண்டுபிடித்த எண்ணோடு ஒப்பிட்டுவிட்டு, அப்புறம் அனுப்புங்கள். ஜிமெயில் முகவரியிலிருந்து கேட்கும் "எச்.ஆர். மேனேஜர்" என்றால் வேண்டாம். ஃப்ரீ ஸோன் கம்பெனிகளுக்கு இந்த அமைச்சக ஆஃபர் இருக்காது, அந்தந்த ஃப்ரீ ஸோன் ஆணையத்தின் பெயரில் வரும். எந்த ஸோன் என்று கேட்டு, அந்த ஆணையத்திடமே கம்பெனி இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

விசாவுக்கும் ஆளெடுப்புக்கும் ஆகும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்பது அமீரகச் சட்டம். நகலோடு பணமும் கேட்டால் இரண்டையும் நிறுத்துங்கள்.

வந்து சேர்ந்த பிறகு சில இடங்களில் அசலையே வாங்கி அலமாரியில் பூட்டிவிடுவார்கள். "எல்லாரும் குடுத்திருக்காங்க தம்பி" என்பதுதான் அவர்கள் சொல்லும் நியாயம். 2021-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் தொழிலாளர் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, தொழிலாளியின் ஆவணங்களை முதலாளி பிடித்து வைக்கக் கூடாது என்று சொல்கிறது. முன்பெல்லாம் விசா ஸ்டாம்பிங்குக்கு அசலைப் பி.ஆர்.ஓ.விடம் பல நாள் கொடுக்க வேண்டியிருந்தது. 2022 முதல் வசிப்பு விசாவைப் பாஸ்போர்ட்டில் ஒட்டுவதில்லை, எமிரேட்ஸ் ஐடியே போதும். ஆகவே ஸ்டாம்பிங் என்று சொல்லிக் கேட்டால் அது பழைய சாக்கு. மருத்துவப் பரிசோதனைக்கும் கைரேகைக்கும் நீங்களே நேரில் போவீர்கள், அசல் உங்கள் சட்டைப் பையிலேயே போய்வரட்டும். தகராறு முற்றினால் இந்தியத் தூதரகத்தின் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திராவுக்கு 800 46342 என்ற எண்ணில் அழைக்கலாம், கட்டணமில்லை.

5. வீட்டுக்காரரிடம்: கடைசிப் பக்கம் வேண்டியதில்லை

தனி வீடு எடுத்தால் வாடகை ஒப்பந்தத்தை எஜாரியில் பதிய வேண்டும். அதற்கு எமிரேட்ஸ் ஐடி, பாஸ்போர்ட் முன்பக்கம், விசா நகல் கேட்பார்கள். டைப்பிங் சென்டரில் பதிவுச் செலவு சுமார் 220 திர்ஹம். இதற்கு முத்திரை எழுதிய நகல் போதும், வீட்டு எண்ணோடு எழுதுங்கள். அம்மா பெயரும் ஊர் முகவரியும் வாடகைப் பதிவுக்கு எதற்கு? கடைசிப் பக்கம் கேட்டால் இதே கேள்வியைப் பணிவாகக் கேளுங்கள், பெரும்பாலும் "சரி, பரவாயில்லை" என்றுதான் பதில் வரும்.

வீடு காட்டும் முன்பே நகல் கேட்கும் தரகர்கள் உண்டு, "ஓனர் பார்த்துட்டுத்தான் சாவி தருவார்" என்று. வீடு பார்க்க எந்த நகலும் தேவையில்லை. தரகருக்குப் பதிவு எண் கொண்ட அட்டை உண்டு, அதை துபாய் நிலத்துறையின் Dubai REST செயலியில் சரிபார்க்கலாம். வீட்டைக் கண்ணால் பார்த்து, உரிமைப் பத்திரத்தில் உள்ள பெயரும் ஒப்பந்தத்தில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகுதான் நகல். ரொம்பக் குறைந்த வாடகை, ஓனர் வெளிநாட்டில் இருக்கிறார், நகலும் முன்பணமும் அனுப்பினால் சாவி கூரியரில் வரும் என்று விளம்பரம் இருந்தால், அங்கே வீடே இருக்காது. அவர்களுக்கு வேண்டியது முன்பணம், அதற்கு மேல் உங்கள் நகல். அடுத்த ஆளை ஏமாற்ற "இதோ ஓனருடைய பாஸ்போர்ட்" என்று காட்டுவது உங்களுடையதாக இருக்கும்.

புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் தனி வீடு எடுப்பதில்லை. பெட் ஸ்பேஸ்தான். ஒரு ஆள் வீட்டை எடுத்து, கட்டில் போட்டு விடுவார். அவர் எல்லாருடைய நகலையும் வாங்கி ஒரு ஃபைலில் போட்டு ஹாலில் வைத்திருப்பார், போகிறவர் வருகிறவர் எல்லாம் புரட்டலாம். "போலீஸ் வந்தா காட்டணும்" என்பார். துபாயில் 2022 முதல் வீட்டில் தங்குகிற அனைவரையும் Dubai REST செயலியில் சக குடியிருப்பாளராகப் பதிய வேண்டும் என்று இருக்கிறது. அதற்கு எமிரேட்ஸ் ஐடி விவரமும் பிறந்த தேதியும் போதும். ஆகவே "காப்பி எதுக்குண்ணே, செயலியிலேயே என்னைச் சேர்த்துடுங்க, ஐடியைக் காட்டுறேன்" என்று சொல்லிப் பாருங்கள். சேர்க்க மறுத்தால் அவருக்கே உள்வாடகைக்கு விட அனுமதி இல்லாமல் இருக்கலாம், அது நகலைவிடப் பெரிய தலைவலி, வேறு இடம் பாருங்கள். ஐடி வராத முதல் சில வாரங்களுக்கு, முத்திரை எழுதிய முன்பக்கமும் நுழைவு அனுமதித் தாளும் கொடுக்கலாம். ஐடி வந்ததும் அந்தத் தாளைத் திருப்பிக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

6. கையெழுத்தும் கணக்கும்

தாளாகக் கொடுக்கும்போது "செல்ஃப் அட்டஸ்ட் பண்ணுங்க" என்பார்கள். வெறும் கையெழுத்தைப் போடாதீர்கள். எதற்காக என்ற வரியை முதலில் எழுதி, அதை ஒட்டியே கையெழுத்து, கீழே தேதி. இடைவெளி விட்டால் வேறு ஏதாவது எழுதிக்கொள்ளலாம், கையெழுத்து எழுத்தின் மேல் ஏறி இருக்கட்டும். கூடுதலாக நாலு காப்பியில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போகச் சொன்னால், மாட்டேன் என்று சொல்லுங்கள்.

மின்னஞ்சலில் அனுப்பும்போது பி.டி.எஃப்.புக்குக் கடவுச்சொல் போட்டு, கடவுச்சொல்லை போனில் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் போனால் அது எதிராளியின் கேலரியில் தானாக இறங்கி, அவருடைய பேக்கப்பில் ஏறி, அங்கிருந்து குரூப்புக்குக் கூடப் போகும், நம் பக்கம் அழித்தும் பயனில்லை. "ஒரு முறை மட்டும் பார்க்க" என்று அனுப்பினாலும் வேறொரு போனால் படம் பிடித்துவிடலாம்.

அப்புறம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: தேதி, யாருக்கு, எந்த நகல், எந்தப் பக்கம், எதற்கு. அக்கா மகன் விஷயத்தில் யார் யாரிடம் நகல் இருக்கிறது என்று பட்டியல் போட்டதால்தான் விசிட் விசா யார் வேலை என்று பிடிக்க முடிந்தது, அந்தப் பட்டியலைப் பழைய வாட்ஸ்அப்பைத் தோண்டி எடுத்து எழுதுவதற்குள் போதும்போதும் என்றாகிவிட்டது.

7. நகல் தவறான கைக்குப் போய்விட்டது என்று தெரிந்தால்

முதலில் சிம். எமிரேட்ஸ் ஐடி வந்த பிறகு, அமீரகத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் Hesabati சேவையில், அரசின் டிஜிட்டல் அடையாளச் செயலியான UAE PASS வழியாக நுழைந்தால், உங்கள் ஐடியில் எத்தனை எண்கள் ஓடுகின்றன என்று தெரியும். தெரியாத எண் இருந்தால் அந்தத் தொலைபேசி நிறுவனத்தின் கிளைக்கே போய் ரத்து செய்யச் சொல்லி, அத்தாட்சி வாங்குங்கள். நீங்கள் வாங்காத போன் பில்லுக்கு வசூல்காரர் அழைப்பதுதான் பலருக்கு முதல் அறிகுறி. கடன் விஷயத்தை அல் எதிஹாத் கிரெடிட் பீரோ செயலியில் அறிக்கை வாங்கிப் பார்க்கலாம், சிறு கட்டணம் உண்டு. துபாயில் புகார் கொடுக்கக் காவல்துறையின் இ-கிரைம் தளம் இருக்கிறது, அவசரமில்லாத விசாரணைக்கு 901.

ஊர்ப் பக்கத்தையும் மறக்காதீர்கள், பாஸ்போர்ட் இந்தியாவிலும் வங்கிக் கணக்குக்கும் சிம்முக்கும் செல்லும் ஆவணம். sancharsaathi.gov.in தளத்தில் உங்கள் பெயரில் உள்ள மொபைல் எண்களைப் பார்த்து, உங்களுடையது அல்லாததை Not My Number என்று குறிக்கலாம். அதற்கு இந்திய எண்ணுக்கு ஓ.டி.பி. வரும், ஆகவே ஊர் சிம்மை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள். கிரெடிட் அறிக்கை ஆண்டுக்கு ஒரு முறை இலவசம். பணம் போயிருந்தால் 1930, புகார் பதிய cybercrime.gov.in. புகாரோடு உங்கள் நோட்டின் அந்தப் பக்கத்தையும், முத்திரை எழுதிய நகல் வெளியே வந்திருந்தால் அதன் படத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

பாஸ்போர்ட்டையே மாற்றிவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். நகல் மட்டும் போனதென்றால் நான் அவசரப்பட மாட்டேன். இந்தியாவில் 36 பக்கப் பாஸ்போர்ட்டை மறுபடி எடுக்க ரூ.1,500 தான், ஆனால் எண் மாறியதும் அமீரக விசாவிலும் வங்கியிலும் கம்பெனிக் கோப்பிலும் புது எண்ணை ஏற்ற வேண்டும், அதற்கெல்லாம் மறுபடி நகல் கொடுக்க வேண்டும். புதிய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் பழைய எண்ணும் அச்சாகிவிடும். உங்கள் பெயரில் கடனோ கணக்கோ திறந்து புகார் பதிவாகியிருந்தால், அல்லது அசலே தொலைந்திருந்தால் மாற்றுங்கள். தொலைந்ததற்கு மாற்று எடுக்க ரூ.3,000, போலீஸ் அறிக்கையும் கேட்பார்கள்.